கடையைக் கைமாற்றும் முன் கணக்கு

கடையை விட்டு ஓய்வுபெற எண்ணும் வாடிக்கையாளர் பலரிடம், "கடை என்ன விலைக்குப் போகும்?" என்று நாம் கேட்பதுண்டு. உடனே ஒரு தொகையைச் சொல்வார்கள். "அதில் உங்கள் கையில் எவ்வளவு மிஞ்சும்?" என்று கேட்டால் பதில் தாமதமாகும். முதுமைக் காலத்தின் மாத வருமானம் அமைவது இந்த இரண்டாவது தொகையிலிருந்துதான். அதைக் கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

பெங்களூரில் வாடகைக் கட்டடமொன்றில் முப்பது ஆண்டுகளாக இரும்புச் சாமானும் பெயின்ட்டும் விற்கும் 63 வயது வணிகர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கடைக்கு ரூ.45 லட்சம் கிடைக்கும் என்பது அவர் மனக்கணக்கு. வீட்டுச் செலவுக்கு மாதம் ரூ.25,000 வேண்டும்.

முதலில் சரக்கு. கணக்குப் புத்தகத்தில் கொள்முதல் விலைப்படி ரூ.22 லட்சம் இருப்பு உள்ளது. ஒவ்வொரு பொருளாக எண்ணிப் பார்க்கையில் இறுகிப்போன பெயின்ட், வழக்கொழிந்த குழாய் வகைகள் என ரூ.4 லட்சத்துக்கான சரக்கு விலைபோகாதது என்று தெரிகிறது. வாங்குபவர் ரூ.18 லட்சத்துக்கே ஒப்புக்கொள்வார். அலமாரிகள், பெயின்ட் கலக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு ரூ.3 லட்சம்.

அடுத்தது, கடையின் பெயருக்கும் வாடிக்கைக்கும் உரிய மதிப்பு. வணிகர்கள் இதைக் 'குட்வில்' என்பர். கடையின் ஆண்டு லாபம் ரூ.9 லட்சம். ஆனால் உரிமையாளரின் உழைப்பும் அதில் அடங்கியுள்ளது. அவருடைய இடத்தில் மாதம் ரூ.35,000 சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்தினால் ஆண்டுக்கு ரூ.4.2 லட்சம் செலவாகும். எஞ்சும் ரூ.4.8 லட்சமே கடை தானாக ஈட்டுவது. வாங்குபவர் விலைபேசுவது இத்தொகையின் மீதுதான். பேச்சு ரூ.8 லட்சத்தில் முடிந்ததாகக் கொள்வோம். ஆக, வாங்குபவர் தருவது ரூ.29 லட்சம்.

கட்டட உரிமையாளரிடமுள்ள முன்பணம் ரூ.5 லட்சம் திரும்ப வரும். வாடிக்கையாளர் தரவேண்டிய கடன் பாக்கி ரூ.6 லட்சத்தில், ஓராண்டுக்கு மேற்பட்ட ரூ.2 லட்சத்தை வராக்கடனாகவே கருதவேண்டும். எனவே மொத்த வரவு ரூ.38 லட்சம். இதிலிருந்து மொத்த வியாபாரிகளுக்கு ரூ.7 லட்சமும், வங்கியின் ரொக்கக் கடன் கணக்குக்கு ரூ.8 லட்சமும் தரவேண்டும். வருமான வரிக்கும், ஆடிட்டர், வழக்கறிஞர் கட்டணங்களுக்கும் ரூ.1.5 லட்சம் ஒதுக்கினால் கையில் மிஞ்சுவது ரூ.21.5 லட்சம், மனக்கணக்கில் பாதிக்கும் குறைவு.

வரியைப் பொறுத்தவரை ஒப்பந்தம் எழுதப்படும் முறை முக்கியமானது. சரக்கைத் தனியே விற்றால் ஜிஎஸ்டி உண்டு. நடந்துகொண்டிருக்கும் தொழிலாக முழுக் கடையையும் மாற்றினால் அம்மாற்றத்துக்கு ஜிஎஸ்டி இல்லை; பயன்படுத்தாத உள்ளீட்டு வரி வரவையும் ITC-02 படிவத்தின் வழியே வாங்குபவருக்கு மாற்றலாம். தனித்தனி விலையிட்டு விற்பதற்கும் ஒரே தொகைக்கு விற்பதற்கும் வருமான வரிக் கணக்கு வேறுபடும். ஆகவே முன்பணம் வாங்கும் முன்பே ஆடிட்டரைக் கலந்துகொள்க.

இனி, இத்தொகையை வருமானமாக்குவோம். ரூ.3.5 லட்சத்தை அவசரத் தேவைக்காக வைப்புத்தொகையில் வைத்து, ரூ.18 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இடுகிறார் என்போம். இத்திட்டத்தின் வட்டி விகிதத்தை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கிறது. 2025-இல் அது ஆண்டுக்கு 8.2 சதவீதமாக இருந்தது. பணம் இட்ட நாளின் விகிதமே ஐந்தாண்டுக்கும் மாறாது. ஒருவர் ரூ.30 லட்சம் வரை இடலாம். 60 வயதுக்கு முன் சேரும் சலுகை பணியிலிருந்து ஓய்வுபெற்றோருக்கே உண்டு; கடை உரிமையாளர் 60 வயது நிறையும் வரை காத்திருக்க வேண்டும். முதல் ஆண்டுக்குள் கணக்கை முடித்தால் வட்டியே கிடைக்காது. அவசரப் பணத்தைத் தனியே வைக்கச் சொல்வது இதனால்தான்.

ரூ.18 லட்சத்துக்குக் கிடைப்பது காலாண்டுக்கு ரூ.36,900, மாதத்துக்கு ரூ.12,300. அவருடைய பழைய சேமிப்பு ரூ.12 லட்சத்தையும் சேர்த்து ரூ.30 லட்சமாக்கினால் மாதம் ரூ.20,500. அப்போதும் ரூ.4,500 குறைகிறது. வட்டிக்கு வருமான வரிப் பொறுப்பும் உண்டு.

இக்குறையை நிரப்ப அவருக்குள்ள எளிய வழி, கடையை இன்னும் ஒன்றரை ஆண்டு நடத்துவது. அக்காலத்தின் லாபத்திலிருந்து ரூ.8 லட்சம் ரொக்கக் கடனை அடைத்துவிட்டால், விற்பனையின்போது அத்தொகை கையில் தங்கும். தம் பெயரில் உச்சவரம்பு நிறைந்துவிட்டதால், 60 வயது நிறைந்த மனைவியின் பெயரில் அதே திட்டத்தில் அதை இடலாம். அதே விகிதம் நீடித்தால் மாதம் ஏறத்தாழ ரூ.5,466 கூடும். கணவர் கொடுத்த பணம் என்பதால் அவ்வட்டி கணவரின் வருமானத்தோடு சேர்த்தே வரிக்குக் கணக்கிடப்படும். விலைவாசி உயர, வட்டி உயராது என்பதால், செலவு போக மிஞ்சுவதைச் சேர்த்து வைப்பது நல்லது.

வாங்குபவர் தவணையில் தருவதாகச் சொன்னால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கடை உங்கள் கையைவிட்டுப் போன பிறகும் உங்கள் உணவு அக்கடையின் கல்லாவை நம்பியிருக்கும். வாங்குபவர் தம் பெயரில் வங்கிக் கடன் பெற்று உங்களுக்கு முழுத்தொகையையும் தருவதே பாதுகாப்பு. வங்கி அவருக்குக் கடன் தரத் தயங்கினால், அதே தயக்கத்துக்கு உங்களுக்கும் காரணம் உண்டு.

மகனிடமோ மகளிடமோ ஒப்படைப்போருக்கும் இக்கணக்கு பொருந்தும். கடையைக் கொடையாகத் தந்தால் பெற்றோருக்கு வருமானம் ஏதும் மிஞ்சாது. "மாதாமாதம் தருகிறேன்" என்ற வாய்ச்சொல், கடையில் லாபம் குறையும் மாதத்தில் இருதரப்புக்கும் மனவருத்தமாக முடியும். தொகையையும் காலத்தையும் பத்திரத்தில் எழுதுவது பாசத்துக்குக் குறைவன்று. பிள்ளை கடன் பெற்று ஒரு பகுதி விலையையேனும் முன்னதாகத் தந்துவிடுவது இன்னும் நன்று.

யாருக்குக் கைமாறினாலும் ஒன்றை நாம் வலியுறுத்துவோம். தனி உரிமையாளரின் கடைக்கு அவருடைய பான் எண்ணே அடிப்படை. எனவே புதிய உரிமையாளர் தம் பெயரில் ஜிஎஸ்டி பதிவும் நடப்புக் கணக்கும் தொடங்க வேண்டும். கல்லா மேசையில் பழைய கியூஆர் அட்டை இருக்கும் வரை விற்பனைப் பணம் உங்கள் கணக்கிலேயே விழும். அதற்கான விளக்கத்தை வரித்துறை உங்களிடமே கேட்கும். ரொக்கக் கடனுக்கு உங்கள் வீடு அடமானமாக இருப்பின், கடையை ஒப்படைப்பதால் அடமானம் நீங்கிவிடாது. கடன் தீர்ந்து, வீட்டுப் பத்திரமும் வங்கியின் விடுவிப்புக் கடிதமும் உங்கள் கைக்கு வந்த பிறகே கடைச் சாவியைக் கொடுங்கள்.