எலும்புகளுக்கு நடுவில் இருப்பது என்ன?

நீட் தேர்வில் வந்த கேள்வி இது. கழுத்தின் முதல் முள்ளெலும்பான அட்லஸுக்கும் இரண்டாவதான அச்சு முள்ளெலும்புக்கும் இடையே உள்ள முளை அச்சு மூட்டு எந்த வகை? நார் மூட்டு, குருத்தெலும்பு மூட்டு, சைனோவியல் மூட்டு, சேண மூட்டு என்று நான்கு விடைகள். பாடத்தை நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட இங்கே தடுமாறுவதுண்டு. முதுகெலும்பு என்றதும் டிஸ்க் ஞாபகம் வரும், டிஸ்க் என்றதும் குருத்தெலும்பு ஞாபகம் வரும், கை அங்கே போய்விடும். சரியான விடை சைனோவியல்.

மூட்டுகளைப் பிரிக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்கிறோம். இரண்டு எலும்புகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பது ஒன்று. அந்த இடம் எவ்வளவு அசைகிறது என்பது இன்னொன்று. முதலாவது அமைப்பைப் பற்றியது, இரண்டாவது இயக்கத்தைப் பற்றியது. பெரும்பாலும் இரண்டின் விடைகளும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடங்களில்தான் தேர்வுக் கேள்விகள் காத்திருக்கின்றன.

அமைப்பை முதலில் பார்ப்போம். மண்டையோட்டுத் தட்டுகளின் ரம்பப்பல் போன்ற ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றன. நடுவே இருப்பது மெல்லிய நார்த்திசு மட்டும். இது நார் மூட்டு. இடுப்பின் முன்புறம், அடிவயிற்றுக்குக் கீழே, இடது வலது இடுப்பெலும்புகள் சந்திக்கும் இடத்தில் குருத்தெலும்பு பாலம் போட்டிருக்கிறது. அது குருத்தெலும்பு மூட்டு. இந்த இரண்டிலும் எலும்புகளுக்கு நடுவே வெற்றிடம் கிடையாது. மூன்றாவது வகையில் இடைவெளி உண்டு. எலும்பு முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும், சுற்றிலும் ஓர் உறை இருக்கும், உறையின் உட்சவ்வு ஒரு திரவத்தைச் சுரக்கும். இது சைனோவியல் மூட்டு. முழங்கால் இந்த வகை. உடலின் மிகப் பெரிய சைனோவியல் மூட்டான அதிலேயே, நோயில்லாத நிலையில், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான திரவம்தான் இருக்கும்.

இயக்கத்தை வைத்துப் பிரித்தாலும் மூன்றே வகை. மண்டையோட்டில் உள்ளது அசையா மூட்டு, இடுப்பின் முன்பக்கம் உள்ளது சிறிதளவு அசையும் மூட்டு, தோளில் உள்ளது தாராளமாக அசையும் மூட்டு.

இந்த இரண்டு பிரிவுகளும் எப்படிக் குறுக்கே போகின்றன என்பதை நம் இடுப்புக்கு மேலே, நாரிப்பகுதியின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளில் தெளிவாகப் பார்க்கலாம். முன்பக்கம் உருளை போன்ற இரண்டு எலும்பு உடல்களும் டிஸ்க்கால் இணைந்திருக்கின்றன. டிஸ்க்கின் நடுவே கூழ் போன்ற பகுதி, அதைச் சுற்றி அடுக்கடுக்காக நார் வளையம். அந்த வளையத்தின் பெயரிலேயே நார் இருப்பதால் இதை நார் மூட்டு என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த வளையம் பெரும்பாலும் நார்க் குருத்தெலும்பால் ஆனது. எலும்பைத் தொடும் மேல்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் குருத்தெலும்புத் தகடு வேறு இருக்கிறது. ஆகவே இது குருத்தெலும்பு மூட்டு, சிறிதளவு அசையும் வகை.

அதே இரண்டு எலும்புகளின் பின்பக்கத்துக்கு வாருங்கள். இடமும் வலமுமாக மேல் எலும்பிலிருந்து இறங்கும் நீட்சிகள் கீழ் எலும்பிலிருந்து ஏறும் நீட்சிகளோடு உரசிக்கொண்டு நிற்கின்றன. அங்கே உறை உண்டு, திரவம் உண்டு. அவை சைனோவியல், அதிலும் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் வழுக்கு மூட்டுகள். ஒரே ஜோடி எலும்புகள், முன்னே ஒரு வகை, பின்னே வேறு வகை. எனவே முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மூட்டு எது என்று கேட்டால், எலும்பு உடல்களுக்கு இடையிலா, நீட்சிகளுக்கு இடையிலா என்று கேள்வியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

அட்லஸ் விஷயத்துக்கு இப்போது வரலாம். அட்லஸ் வெறும் வளையம், அதற்கு உருளை உடல் கிடையாது. அதனால் அதற்கும் அச்சு முள்ளெலும்புக்கும் நடுவே டிஸ்க்கும் கிடையாது. அச்சு முள்ளெலும்பிலிருந்து பல் போல ஒரு முளை மேலே எழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கிறது. பின்னாலிருந்து ஒரு குறுக்குத் தசைநார் அதை அணைத்துப் பிடித்திருக்கிறது. முளையைச் சுற்றி வளையம் திரும்புகிறது. 'வேண்டாம்' என்று தலையாட்டும்போது நடப்பது இதுதான். கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறத்தாழ பாதி இங்கேதான் கிடைக்கிறது. 'சரி' என்று மேலும் கீழும் தலையசைப்பது இதற்கு ஒரு படி மேலே, மண்டையோட்டின் அடிப்பகுதி அட்லஸின் மேல் உட்காரும் இடத்தில் நடக்கிறது. இந்த இரண்டையும் மாற்றிப்போட்டு விடைகள் கொடுப்பது வழக்கம்.

நார் மூட்டு என்றாலே அசையாதது என்று பள்ளியில் படிக்கிறோம். பள்ளித் தேர்வுக்கும் நீட்டுக்கும் அது போதும். நர்சிங், பிசியோதெரபி, எம்.பி.பி.எஸ். படிப்பவர்களுக்குப் போதாது. கணுக்காலுக்குச் சற்று மேலே டிபியாவும் பிபுலாவும் நாரால் கட்டப்பட்டிருக்கும் மூட்டு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மறுபக்கம், வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில் உள்ள வளர்ச்சித் தகடு குருத்தெலும்பு இணைப்புதான், ஆனாலும் அசையவே அசையாது. வளர்ச்சி முடியும்போது அது எலும்பாகவே மாறிவிடும். இடுப்பின் பின்பக்கம் திருகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடம் இதற்கு நேர் எதிர். அது சைனோவியல் மூட்டு, ஆனால் சில டிகிரிக்கு மேல் நகராது. கேள்வி 'அமைப்பின் அடிப்படையில்' என்கிறதா, 'செயலின் அடிப்படையில்' என்கிறதா என்று கோடிட்டுக்கொண்டு பதில் எழுதுவதே இங்கெல்லாம் நல்லது.

சைனோவியல் மூட்டுகளின் உட்பிரிவுகளை நம் கையிலேயே சரிபார்த்துவிடலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துச் செங்கோணமாக மடக்குங்கள். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள், பிறகு கீழ்நோக்கி. முழங்கை மடங்குவதும் நீள்வதும் கீல் மூட்டு. உள்ளங்கையைப் புரட்டுவது அதன் வேலை இல்லை. முன்கையில் ஆரை எலும்பின் உருண்டைத் தலை, அதைச் சுற்றியிருக்கும் வளையத் தசைநாருக்குள் சுழல்வதால் அது நடக்கிறது. அது முளை அச்சு மூட்டு. முழங்கைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பலர் அதையும் கீல் மூட்டின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

கட்டைவிரலில் இன்னும் கவனம் வேண்டும். சேண மூட்டுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் 'கட்டைவிரல்' என்று மட்டும் எழுதுவது அரைகுறை விடை. கட்டைவிரலின் நுனிக்கணு கீல் மூட்டு. சேண மூட்டு இருப்பது அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி. மணிக்கட்டு எலும்புகளில் ஒன்றான ட்ரப்பீசியமும் கட்டைவிரலின் உள்ளங்கை எலும்பும் சந்திக்கும் இடம் அது. இரண்டு பரப்புகளும் ஒரு திசையில் குழிந்து, மறு திசையில் குவிந்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கின்றன. கட்டைவிரல் மற்ற நான்கு விரல் நுனிகளையும் போய்த் தொட முடிவது பெரும்பாலும் இதனால்தான். மணிக்கட்டு எலும்புகள் தங்களுக்குள் சேரும் இடங்கள் வழுக்கு மூட்டுகள். கேள்வியில் 'மணிக்கட்டு எலும்புகளுக்கு இடையே' என்று இருந்தால் வழுக்கு மூட்டு, 'மணிக்கட்டு எலும்புக்கும் கட்டைவிரலின் உள்ளங்கை எலும்புக்கும் இடையே' என்று இருந்தால் சேண மூட்டு.