கம்பெனி கார்டும் காணாமல் போன ஒப்புதலும்

அமெரிக்க வனத்துறையில் கொள்முதல் வேலை பார்த்த ஓர் ஊழியர், 2000 அக்டோபர் முதல் 2006 செப்டம்பர் வரை ஏறத்தாழ 180 காசோலைகளைத் தன் ஆண் நண்பர் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். இருவரும் ஒரே வீட்டில் வசித்தவர்கள், ஒரே வங்கிக் கணக்கை வைத்திருந்தவர்கள். எழுதிய தொகை 6,42,000 டாலருக்கு மேல். அந்தக் காசோலைகள், அலுவலகக் கொள்முதலுக்காக அவருக்குத் தரப்பட்ட கார்டோடு சேர்ந்து வந்தவை. கார்டு வாங்காத கடைக்காரருக்குப் பணம் கொடுக்கத்தான் அவை. பணம் சூதாட்டத்துக்கும் கார், வீட்டுக் கடன்களுக்கும் போனது. ஆறு ஆண்டுகள் கழித்து யாரோ தகவல் கொடுத்த பிறகே விஷயம் வெளியே வந்தது. அவருக்கு 21 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2008 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் இந்தச் சம்பவம் வருகிறது. திருட்டுக் கதைகளைவிட என்னை அதிகம் உறுத்தியது அதிலுள்ள வேறொரு கணக்கு. கார்டில் நடந்த செலவுகளிலிருந்து மாதிரி எடுத்து, இரண்டே கேள்விகளைத்தான் கேட்டார்கள். வாங்குவதற்கு உரியவர் ஒப்புதல் கொடுத்தாரா? பொருள் வந்து சேர்ந்ததை, வாங்கியவர் அல்லாத இன்னொருவர் பார்த்து உறுதி செய்தாரா? ஏறத்தாழ 41 சதவீதச் செலவுகள் இவற்றில் ஏதாவது ஒன்றிலாவது தேறவில்லை.

அலுவலகக் கார்டு எதற்காக வந்தது என்று பார்த்தால் இது ஏன் நடக்கிறது என்பது புரியும். பிரிண்டருக்கு மை வாங்க விலைப்புள்ளி கேட்டு, ஆர்டர் போட்டு, பில்லை கணக்குப் பிரிவுக்கு அனுப்பிக் காத்திருக்கும் செலவு மையின் விலையைவிட அதிகம். அதனால் சிறு கொள்முதலுக்குக் கார்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பழைய முறையில் ஒப்புதல் முதலில் வரும், பணம் பிறகு போகும். கார்டில் பணம் முதலில் போய்விடுகிறது, ஒப்புதல் பின்னால் வந்தாக வேண்டும். வராமல் போனாலும் கடைக்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்திருக்கும். கேட்பதற்கு வெளியே யாரும் இல்லை.

இதற்கு முதல் தடுப்பாக நிறுவனங்கள் நம்புவது வணிக வகை எண்ணை. ஒரு கடை கார்டு மெஷின் வாங்கும்போது, மெஷின் கொடுக்கும் வங்கி அந்தக் கடையின் பிரதான தொழிலைப் பார்த்து நான்கு இலக்க எண் ஒன்றை ஒதுக்குகிறது. உணவகத்துக்கு 5812, நகைக்கடைக்கு 5944, சூதாட்டத்துக்கு 7995. வேண்டாத வகைகளை முன்கூட்டியே அடைத்துவிடும்படி வங்கியிடம் சொல்லலாம். அடைக்காமல் விட்டவற்றைத் தணிக்கையாளர் எண் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். அதே ஜி.ஏ.ஓ. அறிக்கையில், ஒரு போஸ்ட்மாஸ்டர் 15 மாதங்கள் அலுவலகக் கார்டில் இணைய டேட்டிங் சேவைக்குப் பணம் கட்டிய கதையும் உண்டு. அப்படிப்பட்ட சேவைகளுக்கென்றே 7273 என்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணில் ஒரே ஒரு வரி தென்பட்டாலும் நிறுத்திக் கேட்கலாம்.

ஆனால் இந்த எண் விற்றவர் யார் என்பதைத்தான் சொல்லும், விற்றது என்ன என்பதைச் சொல்லாது. விடுதியின் மதுக்கூடத்தில் செலவழித்தது விடுதிக்கான 7011 என்ற எண்ணிலேயே பதிவாகியிருக்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய பரிசு அட்டையும் அரிசியும் ஒரே 5411தான். வனத்துறைக் காசோலைகளுக்கோ எந்த எண்ணும் இல்லை, ஏனென்றால் அங்கே கடையே இல்லை. எந்த வடிகட்டியிலும் அவை சிக்கியிருக்காது. ஒப்புதலைத் தேடிப் போயிருந்தால் மட்டுமே சிக்கியிருக்கும்.

தேடுவது எப்படி என்பதைக் கற்பனையான ஒரு கணக்கில் காட்டுகிறேன். சென்னையில் ஒரு நிறுவனம், 40 கார்டுகள், மூன்று மாதச் செலவு. ஒரு தடவைக்கு 50,000 ரூபாய் வரை கார்டில் வாங்கலாம். அதற்கு மேல் போனால் விலைப்புள்ளிகளும் கொள்முதல் ஆணையும் வேண்டும்.

முதலில் செலவுப் பட்டியலை நேரடியாக வங்கியிடமிருந்து வாங்க வேண்டும். நிறுவனத்தின் சாஃப்ட்வேரிலிருந்து எடுத்தால், ஊழியர் தானாகச் சமர்ப்பித்த செலவு மட்டுமே அதில் இருக்கும். சமர்ப்பிக்காதது ஒப்புதல் இல்லாத செலவாகக்கூடத் தெரியாது, இல்லவே இல்லாததாகிவிடும். வங்கிப் பட்டியலில் 1,200 வரிகள், சாஃப்ட்வேரில் 1,169 என்று வைத்துக்கொள்வோம். அந்த 31 வரிகள்தான் முதல் வேலை.

அடுத்து, 1,169இல் 57 வரிகளுக்கு ஒப்புதல் இல்லை. பார்த்தவுடன் பதற வேண்டாம். யாருடைய ஒப்புதல் விடுபட்டது என்று பிரித்தால் 38 வரிகள் ஒரே பிரிவைச் சேர்ந்தவை. அதன் மேலாளர் இரண்டாவது மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார், சாஃப்ட்வேர் இன்னமும் அவருக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. இது நிர்வாகக் குறை, ஒரே நாளில் சரிசெய்யக் கூடியது. மீதி 19 வரிகளும் ஓர் இயக்குநரின் கார்டு. அவருக்கு மேலே யார் ஒப்புதல் தர வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இந்தக் கேள்வி நிர்வாகக் குழுவுக்குப் போக வேண்டும். அவருக்குக் கீழே வேலை செய்பவரிடம் கையெழுத்து வாங்கி இதை மூடுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஒப்புதல் இருக்கும் வரிகளையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஒவ்வொரு ஒப்புதலுக்கும் சாஃப்ட்வேரில் நேரம் பதிவாகியிருக்கும். மாதக் கடைசி இரவு 11.50க்கு ஒரு மேலாளர் மூன்று நிமிடங்களில் 64 வரிகளை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒன்றுக்கு மூன்று விநாடிகூட இல்லை. ஒரு பில்லைத் திறந்து பார்க்கவே அந்த நேரம் போதாது. ஆகவே அந்த 64 வரிகளும் என் பார்வையில் ஒப்புதல் இல்லாதவைதான்.

அவற்றில் இரண்டு வரிகள் ஒரே மின்னணுக் கடையில், எண் 5732. ஒரு நாள் மாலை 44,500 ரூபாய், மறுநாள் காலை 43,900. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வரம்புக்குள் வருகின்றன, கூட்டினால் 88,400. பில்லைக் கேட்டால் ஒரே பில்தான் வருகிறது. பெரிய தொலைக்காட்சி ஒன்று, இரண்டு தடவை கார்டு தேய்த்திருக்கிறார்கள். பில்லில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் இல்லை. நம் ஊரில் தணிக்கையாளருக்குக் கிடைத்த நல்ல கருவி இது. அலுவலகத்துக்காக வாங்குபவர் அந்த எண்ணைச் சொல்வார், கடைக்காரர் தாக்கல் செய்ததும் அந்த பில் நிறுவனத்தின் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வந்து நிற்கும். வராத பில்கள் எல்லாமே தவறானவை அல்ல. பதிவில்லாத சிறு கடை, மறதி என்று காரணங்கள் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய தொகையில் எண் விடுபட்டால் பொருளை நேரில் பார்த்தே தீர வேண்டும்.

கார்டு வைத்திருந்தவர், கோவைக் கிளையின் கூட்ட அறைக்கு வாங்கியதாகச் சொல்கிறார். அவருக்குத் தொடர்பில்லாத ஒருவரை அனுப்பி, பெட்டியின் பின்பக்கத்து வரிசை எண்ணைப் படம் எடுக்கச் சொல்கிறோம். படம் வருகிறது, எண் பில்லோடு ஒத்துப்போகிறது. பொருள் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே இதைத் திருட்டு என்று எழுத முடியாது, எழுதவும் கூடாது. வரம்பைத் தாண்டப் பணத்தைப் பிரித்துக் கட்டியிருக்கிறார். விலைப்புள்ளி வாங்கவில்லை, ஜிஎஸ்டி எண் கொடுக்காததால் வரி வரவு கிடைக்காமல் போனது, மேலாளர் பில்லைப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தார். அறிக்கையில் இந்த நான்கும் வரும், வேறெதுவும் வராது. ஜி.ஏ.ஓ. 2017இல் மறுபடி பார்த்தபோதும் சிறு கொள்முதல்களில் மோசடிக்கான அறிகுறி மிகக் குறைவாகவே கிடைத்தது. ஆனாலும் சுமார் 22 சதவீதச் செலவுகளுக்கு ஒப்புதல் தொடர்பான ஆவணங்கள் முழுமையாக இல்லை.

இனி அந்த மேலாளரின் மற்ற 62 வரிகளுக்கும் பில் கேட்டுக் கடிதம் போகிறது. பதில் தர ஏழு நாள்.