சும்மா இருக்கும்போதே தீரும் சார்ஜ்

ரீசார்ஜ் செய்யக்கூடிய பென்டார்ச் செல் வாங்கப் போனால், 2500 எம்ஏஎச் பாக்கெட்டும் 2000 எம்ஏஎச் பாக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். கை தானாக 2500 பக்கம்தான் போகும். கரண்ட் போனால் மட்டும் எடுக்கிற டார்ச்சுக்கு அது தப்பான தேர்வு.

நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்லை யாரும் தொடாவிட்டாலும் சார்ஜ் குறைந்துகொண்டே இருக்கும். சாதாரண ரகத்தில் முதல் நாளிலேயே பத்து சதவீதம் போய்விடலாம். அதற்குப் பிறகு தினமும் சுமார் ஒரு சதவீதம். அந்தக் கணக்கில் 2500 எம்ஏஎச் செல்லில் ஒரு மாதம் கழித்து ஏறக்குறைய 1,650, மூன்று மாதம் கழித்து 900 சொச்சம்தான் மிஞ்சும். சூடு ஏற ஏற இந்தக் கசிவும் வேகமெடுக்கும். சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரைக்கு அடியில் கிடக்கும் டார்ச்சுக்கு இந்தக் கணக்கே தாராளம்.

சார்ஜ் எங்கே போகிறது? நெகட்டிவ் தகட்டின் உலோகக் கலவையில் ஹைட்ரஜன் அடைபட்டிருக்கிறது. அதில் கொஞ்சம் வாயுவாக வெளியேறி பாசிட்டிவ் பக்கம் சேர்ந்து, அங்குள்ள நிக்கல் சேர்மத்தோடு வினைபுரிந்துவிடும். தகடுகளுக்கு நடுவில் இருக்கும் தடுப்புத்துணியும் காரணம். பழைய செல்களில் அது நைலான். செல்லின் காரக் கரைசலில் நைலான் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் சேர்மங்களை விடும். அவை ஒரு தகட்டில் நைட்ரைட்டாகவும் மறு தகட்டில் அம்மோனியாவாகவும் மாறி மாறி, படகுக்காரன்போல் ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் சார்ஜைக் கடத்திவிடும். கலவையிலிருந்து கரைந்துவரும் கோபால்ட்டும் மாங்கனீசும் துணியில் படிந்து மெல்லிய மின்பாதை போடுவதும் உண்டு.

2005 நவம்பரில் ஜப்பானின் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த எனலூப், இந்த இடங்களிலேயே கைவைத்தது. உலோகக் கலவையை மாற்றினார்கள், தடுப்புத்துணியை மேம்படுத்தினார்கள். கொள்ளளவு 2000 எம்ஏஎச்தான். ஆனால் ஒரு வருடம் கழித்தும் 85 சதவீதம் இருக்கும் என்று அறிவித்தார்கள். மேலே போட்ட கணக்கின்படி இரண்டு மூன்று வாரத்திலேயே இந்தச் 'சின்ன' செல் 2500-ஐ முந்திவிடும். இப்போது பல கம்பெனிகள் இந்த ரகத்தைத் தயாரிக்கின்றன. சார்ஜ் ஏற்றியே விற்பதால், பாக்கெட்டில் 'ரெடி டு யூஸ்' என்று போட்டிருப்பது ஓர் அடையாளம்.

சுவர்க் கடிகாரத்துக்கும் இதுவே கதை. பல கடிகாரங்கள் ஒரு நாளைக்கு ஐந்து எம்ஏஎச்கூட எடுப்பதில்லை. சாதாரண செல் தன்பாட்டுக்கு இழப்பதே ஆரம்பத்தில் 20-க்கு மேல். தினமும் ஓடி தினமும் சார்ஜ் ஏறும் பொம்மைக்கோ கேமரா ஃபிளாஷுக்கோ 2500 தாராளமாகப் போடலாம்.

கையில் இருக்கும் செல் எந்த ரகம் என்று வோல்ட்மீட்டர் சொல்லாது. பாதி தீர்ந்த செல்லும் 1.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும். முழு சார்ஜ் ஏற்றி ஒரு மாதம் டிராயரில் போட்டுவிட்டு, டிஸ்சார்ஜ் அளக்கும் சார்ஜரில் மிச்சத்தைப் பாருங்கள். நான்கு செல்களில் ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அதை ஒதுக்கிவிடுங்கள். டார்ச்சில் அதுதான் முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளி அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்து கெடுத்துவிடும்.