ஒன்பதே கால் மணிக்கு முன்பே முடிவாகும் விலை

பங்குச் சந்தை காலை 9.15 மணிக்குத் திறக்கிறது. ஆனால் அன்றைய தொடக்க விலை அந்த நேரத்தில் உருவாவதில்லை. தேசியப் பங்குச் சந்தையிலும் மும்பைப் பங்குச் சந்தையிலும் அது அதற்குச் சில நிமிடங்கள் முன்பே முடிவாகிவிடுகிறது. 9.15க்கு வர்த்தகச் செயலியைத் திறப்பவர், நேற்று 100 ரூபாயில் முடிந்த பங்கு இன்று 104இல் நிற்பதைப் பார்த்து, 'ஒரு வர்த்தகம்கூட நடக்கும் முன்பே எப்படி ஏறியது?' என்று குழம்புகிறார். வர்த்தகம் நடந்திருக்கிறது. அவர் வருவதற்கு முன்பே, ஒரே விலையில், ஒரே வீச்சில் நடந்து முடிந்திருக்கிறது. 'ப்ரீ-ஓப்பன்' என்று சந்தையில் சொல்லப்படும் முன்திறப்பு ஏலம் இதுதான்.

இந்த முறை நம் நாட்டில் 2010 அக்டோபர் 18 அன்று வந்தது. முதலில் சென்செக்ஸ், நிஃப்டி பங்குகளுக்கு மட்டும் இருந்தது. 2013இல் மற்ற பங்குகளுக்கும் விரிந்தது. அதற்கு முன்பு மணி அடித்ததும் நேரடியாகத் தொடர் வர்த்தகம்தான். முதலில் வந்து சேர்ந்த வாங்கும் ஆர்டரும் விற்கும் ஆர்டரும் எந்த விலையில் பொருந்தினவோ அதுவே அன்றைய தொடக்க விலை. இரவில் பெரிய செய்தி வந்த நாட்களில் இது ஆபத்தானது. 2009 மே 16, சனிக்கிழமை, மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்தன. திங்கட்கிழமை சந்தை திறந்த ஒரு நிமிடத்துக்குள் குறியீடுகள் மேல் வரம்பைத் தொட்டு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. சென்செக்ஸ் அன்று 17 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்து முடிந்தது. எல்லோரும் வாங்கத் துடித்த அந்தக் காலையில், பங்கின் நியாயமான விலை எது என்று வாங்குபவர்களும் விற்பவர்களும் கூடித் தீர்மானிக்க ஒரு பொழுதே இருக்கவில்லை.

முன்திறப்பு ஏலம் அந்தப் பொழுதைத் தருகிறது. 9 மணிக்கு ஆர்டர் புத்தகம் திறக்கும். 9.08 வரை யாரும் ஆர்டர் போடலாம், திருத்தலாம், ரத்து செய்யலாம். இந்த நேரத்தில் எந்த ஆர்டரும் எந்த ஆர்டரோடும் பொருந்தாது. எல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும். அதன் பிறகு 9.12 வரை கணினி விலையைக் கண்டுபிடித்து ஆர்டர்களைப் பொருத்துகிறது. மீதி மூன்று நிமிடம் சாதாரண வர்த்தகத்துக்கு மாறுவதற்கான இடைவெளி. விலை எவ்வளவு வேண்டுமானாலும் ஓடிவிட முடியாது. முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து மேலும் கீழும் 20 விழுக்காடுதான் உச்ச வரம்பு. அதைவிடக் குறுகிய வரம்பு உள்ள பங்குகளுக்கு அந்தக் குறுகிய வரம்பே பொருந்தும்.

விலை காண்பதற்கான விதி ஒரே வரியில் அடங்கும்: எந்த விலையில் மிக அதிகமான பங்குகள் கைமாற முடியுமோ, அதுவே தொடக்க விலை. சராசரி எடுப்பதில்லை. முதலில் வந்தவர் சொன்னதையும், அதிக விலை சொன்னவர் சொன்னதையும் எடுத்துக்கொள்வதில்லை. இதை ஒரு கற்பனைப் பங்கில் போட்டுப் பார்த்தால்தான் மனதில் பதியும்.

நேற்றைய முடிவு விலை 100 ரூபாய். இரவு நல்ல காலாண்டு முடிவு வந்திருக்கிறது. காலையில் வாங்க வந்தவர்களில் 106 ரூபாய் வரை தரத் தயாரானவர்கள் 500 பங்கு கேட்கிறார்கள்; 105 வரை 800, 104 வரை 1,000, 103 வரை 1,200, 102 வரை 1,500. 'என்ன விலையானாலும் சரி' என்று மார்க்கெட் ஆர்டர் போட்டவர்கள் 400 கேட்கிறார்கள். விற்க வந்தவர்களில் 101 கிடைத்தாலே போதும் என்பவர்கள் 600 பங்கு வைத்திருக்கிறார்கள். 102க்கு 700, 103க்கு 900, 104க்கு 1,000, 105க்கு 1,100. மார்க்கெட் ஆர்டரில் விற்க 300.

இனி ஒவ்வொரு விலையாக எடுத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த விலை என்றால் எத்தனை பங்கு வாங்க ஆள் உண்டு, எத்தனை பங்கு விற்க ஆள் உண்டு? 106 தரத் தயாரானவர் 104க்குக் கிடைத்தால் மறுக்க மாட்டார். அதனால் 104க்கு வாங்குபவர்களில் 106, 105 சொன்னவர்களும் சேர்வார்கள். விற்பவர் பக்கம் இது தலைகீழ்: 101க்கே தரத் தயாரானவர் 104க்கும் தருவார். மார்க்கெட் ஆர்டர்கள் எல்லா விலையிலும் கணக்கில் வரும்.

| விலை (ரூ.) | வாங்கத் தயார் | விற்கத் தயார் | கைமாறக்கூடியது |
|---|---|---|---|
| 106 | 900 | 4,600 | 900 |
| 105 | 1,700 | 4,600 | 1,700 |
| 104 | 2,700 | 3,500 | 2,700 |
| 103 | 3,900 | 2,500 | 2,500 |
| 102 | 5,400 | 1,600 | 1,600 |
| 101 | 5,400 | 900 | 900 |

இரண்டு பக்கத்தில் எது குறைவோ அவ்வளவுதான் கைமாறும். அதிகபட்சம் 2,700 பங்கு, 104 ரூபாயில். தொடக்க விலை 104. வாங்கிய அனைவருக்கும் விற்ற அனைவருக்கும் இதே விலைதான். 106 சொன்னவருக்கு இரண்டு ரூபாய் மிச்சம். 101 கேட்டவருக்கு மூன்று ரூபாய் கூடுதல். தொடர் வர்த்தகத்தில், எதிர்ப்பக்கம் அந்த நொடியில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆளுக்கொரு விலை அமையும். இங்கே அந்த அதிர்ஷ்டக் கணக்கு இல்லை. ஏலத்தின் நேர்மை இந்த ஒரே விலையில்தான் இருக்கிறது என்பேன்.

104இல் 2,700 பங்குக்கு ஆள் இருக்க, விற்க 3,500 நிற்கிறதே, யாருக்கு இடமில்லை? சிறு முதலீட்டாளர்கள் அதிகம் அறியாத விதி இங்கேதான் இருக்கிறது. மார்க்கெட் ஆர்டர் போட்டால் முதலில் நமக்குத்தான் நடக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். தொடர் வர்த்தகத்தில் அது பெரும்பாலும் உண்மை. முன்திறப்பு ஏலத்தில் வரிசை வேறு. முதலில் லிமிட் ஆர்டர்கள் தங்களுக்குள் பொருந்தும். அதில் மிஞ்சிய லிமிட் ஆர்டர்கள் எதிர்ப்பக்க மார்க்கெட் ஆர்டர்களோடு பொருந்தும். கடைசியாகத்தான் மார்க்கெட் ஆர்டரும் மார்க்கெட் ஆர்டரும்.

நம் கணக்கில், வாங்கும் லிமிட் ஆர்டர்கள் 2,300 பங்கு. அவை விற்கும் லிமிட் ஆர்டர்களோடு பொருந்திவிடுகின்றன: 101, 102, 103 சொன்னவர்களின் 2,200 முழுவதும் போகிறது, 104 சொன்னவர்களிடமிருந்து 100 போகிறது. அடுத்து, வாங்கும் மார்க்கெட் ஆர்டர் 400. அதையும் 104க்கு விற்கும் லிமிட் ஆர்டர்களே நிரப்பிவிடுகின்றன. விற்கும் மார்க்கெட் ஆர்டர் 300க்கு எதிரே யாருமே மிச்சமில்லை. எந்த விலைக்கும் விற்கத் தயாராக வந்தவருக்கு விற்பனை நடக்கவில்லை. அவருடைய ஆர்டர் ரத்தாவதில்லை. 104 ரூபாய் லிமிட் ஆர்டராக மாறி, 104 சொன்னவர்களில் மிஞ்சிய 500 பங்கோடு சேர்ந்து, நேர வரிசைப்படி சாதாரண வர்த்தகத்துக்குப் போகிறது. 9.15க்குத் திரையில் தெரிவது இதுதான்: 103க்கு வாங்க 1,200, 104க்கு விற்க 800. காலையில் முதல் வேலையாகப் பங்கை விற்றே தீர வேண்டும் என்பவர், தன்னால் ஏற்கக்கூடிய குறைந்த விலையை லிமிட்டாகப் போடுவதே நல்லது. குறைந்த விலை சொன்னதால் நஷ்டம் ஏதுமில்லை. கிடைக்கப்போவது எப்படியும் பொது விலைதான்.

இரண்டு விலைகளில் ஒரே அளவு கைமாற முடிந்தால், எந்த விலையில் பொருந்தாமல் மிஞ்சுவது குறைவோ அது எடுக்கப்படும். அதிலும் சமம் என்றால், நேற்றைய முடிவு விலைக்கு அருகில் உள்ளது. நடைமுறையில் அதிகம் பேசப்படாத விதிகள் இவை; ஆர்டர் குறைவான பங்குகளில்தான் வேலைக்கு வரும்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது ரத்து செய்யும் உரிமை. மேலே உள்ள கணக்கில் 106க்கு 500 பங்கு கேட்டவர் கடைசி நேரத்தில் ஆர்டரை ரத்து செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கத் தயாரான அளவு 104இல் 2,200ஆகவும், 103இல் 3,400ஆகவும் குறைகிறது. இப்போது 104இல் கைமாறக்கூடியது 2,200, 103இல் 2,500. தொடக்க விலை 103க்கு இறங்கிவிடுகிறது. அவர் சொன்ன விலை 106. அவர் விலகியதால் மாறியது 104. ஏலத்தில் ஒவ்வொரு ஆர்டரும் பொது விலையை இப்படித்தான் தொடுகிறது.

இதைத் தெரிந்தவர் விளையாடவும் முடியும். வாங்கும் எண்ணமே இல்லாமல் பெரிய ஆர்டர் போட்டால், திரையில் காட்டப்படும் உத்தேச விலை ஏறும். அதைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் விலையை உயர்த்துவார்கள். முடியும் தறுவாயில் ஆர்டரைத் திரும்பப் பெற்றுவிடலாம். அதனால்தான் ஆர்டர் சேர்க்கும் நேரம் சரியாக 9.08க்கு முடிவதில்லை. 9.07க்கும் 9.08க்கும் இடையே ஏதோ ஒரு நொடியில் கணினி தானாக மூடிவிடும். எந்த நொடி என்று யாருக்கும் தெரியாது. கடைசி நொடி வரை காத்திருப்பவர், மாட்டிக்கொள்ளவும் நேரிடும்.

புதிதாகப் பட்டியலிடப்படும் பங்குகளுக்கு, அதாவது ஐ.பி.ஓ. முடிந்து முதல் நாள் வர்த்தகத்துக்கு வரும் பங்குகளுக்கு, இந்த ஏலம் நீண்டது. நேற்றைய விலை என்று ஒன்றே இல்லாததால் 9 மணியிலிருந்து 9.45 வரை ஆர்டர் சேர்க்கிறார்கள். வர்த்தகம் 10 மணிக்கு. இங்கே பெரிய ஆர்டர்கள் போடப்பட்டு, முடிவதற்குச் சற்று முன் ரத்தாவதைக் கண்ட செபி, 2024இல் இதற்கும் தற்செயல் மூடலைக் கொண்டுவந்தது. இப்போது 9.35க்கும் 9.45க்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் மூடலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டால், 9.02க்குத் தொலைக்காட்சியில் ஓடும் 'ப்ரீ-ஓப்பனில் பெரும் ஏற்றம்' என்ற செய்தியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதும் தெளிவாகும். அந்த நேரத்தில் காட்டப்படும் விலை, அதுவரை வந்த சில ஆர்டர்களை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. அந்த ஆர்டர்கள் மாறலாம், மறையலாம். தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் முன்திறப்புப் பக்கத்தில் விலையோடு அளவும் தெரியும். 9.08க்குப் பிறகு `Final Quantity` என்ற எண்ணைப் பாருங்கள். நாள்தோறும் பல லட்சம் பங்குகள் கைமாறும் ஒரு நிறுவனத்தில் ஏலத்தில் சில நூறு பங்குகள்தான் பொருந்தியிருக்கின்றன என்றால், அந்த விலையின் பின்னால் நிற்பவர்கள் மிகச் சிலர். 9.15க்குப் பிறகு அது நிலைக்கும் என்று எண்ண வழியில்லை.

சில பங்குகளில் வாங்கும் விலையும் விற்கும் விலையும் சந்திக்கவே சந்திக்காது. மார்க்கெட் ஆர்டர்கள் மட்டும் இரு பக்கமும் இருந்தால் அவை நேற்றைய முடிவு விலையில் பொருந்தும். அதுவும் இல்லையென்றால் ஏலத்தில் விலையே பிறக்காது. எல்லா ஆர்டர்களும் சாதாரண வர்த்தகத்துக்கு நகரும். அங்கே நடக்கும் முதல் வர்த்தகத்தின் விலையே அந்தப் பங்கின் அன்றைய தொடக்க விலை; அது ஒரே ஒரு பங்காக இருந்தாலும்.