பொதியுணவு ஊட்டச்சத்து விவரச்சீட்டு

பொதியுணவு ஊட்டச்சத்து விவரச்சீட்டு என்பது பொதியில் அடைக்கப்பட்ட உணவின் ஆற்றல், கொழுப்பு, சர்க்கரை, சோடியம் முதலியவற்றின் அளவைக் காட்டும் அட்டவணை ஆகும். இதனுடன் சேர்பொருள் பட்டியலும் அச்சிடப்படுகிறது. இந்தியாவில் இவற்றை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் நெறிப்படுத்துகின்றன.

பரிமாறும் அளவு

அட்டவணையில் 100 கிராமுக்கான அளவுகள் தரப்படும். ஒரு பரிமாறலில் கிடைப்பது நாளளவில் எத்தனை விழுக்காடு என்பதும் தரப்படும். நாளளவு 2000 கிலோகலோரி ஆற்றல், 67 கிராம் கொழுப்பு, 2000 மில்லிகிராம் சோடியம் என்ற அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. குழப்பம் பெரும்பாலும் இந்த விழுக்காட்டில்தான் எழுகிறது. ஏனெனில் ஒரு பரிமாறல் என்பது முழுப் பொதியன்று. அதன் அளவைத் தீர்மானிப்பவர் தயாரிப்பாளர்.

எடுத்துக்காட்டாக, 60 கிராம் உருளைக்கிழங்கு வறுவல் பொதி ஒன்றில் பரிமாறும் அளவு 20 கிராம் என்றும், 100 கிராமில் கொழுப்பு 35 கிராம், சோடியம் 800 மில்லிகிராம் என்றும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பரிமாறலில் கொழுப்பு 7 கிராம். இது நாளளவில் ஏறத்தாழ 10 விழுக்காடு. சோடியம் 160 மில்லிகிராம், அதாவது 8 விழுக்காடு. இரண்டும் சிறியனவாகத் தோன்றும். ஆனால் இத்தகைய பொதியைப் பிரித்தவர் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துவது அரிது. முழுப் பொதியை உண்டால் கொழுப்பு 21 கிராம் (31 விழுக்காடு), சோடியம் 480 மில்லிகிராம் (24 விழுக்காடு) ஆகிவிடும். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். இங்கு அது 1.2 கிராம்.

ஆகவே முதலில் பொதியின் நிகர எடையைப் பரிமாறும் அளவால் வகுத்துப் பார்க்க வேண்டும். இரு தயாரிப்புகளை ஒப்பிடுவதற்கு 100 கிராம் நிரலே பொருத்தமானது, ஏனெனில் பரிமாறும் அளவை மாற்றினாலும் அந்நிரல் மாறாது.

சேர்பொருள் பட்டியலும் முன்பக்க வாசகங்களும்

சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன. "பல தானியம்" என்று முன்பக்கத்தில் அறிவிக்கும் பிசுக்கோத்தில் முதற்பொருள் மைதாவாக இருக்கலாம். அவ்வாறு ஒரு பொருளைச் சிறப்பித்துக் கூறினால் அதன் விழுக்காட்டையும் பட்டியலில் தரவேண்டும் என்பது விதி. கேழ்வரகு 2 விழுக்காடு என்றிருந்தால் 100 கிராம் பிசுக்கோத்துக்கு 2 கிராம் கேழ்வரகே இடப்பட்டது.

சர்க்கரை, இன்வர்ட் சர்க்கரைப்பாகு, டெக்ஸ்ட்ரோசு எனப் பிரித்து எழுதப்படும்போது ஒவ்வொன்றும் பட்டியலில் கீழிறங்கிவிடும். அட்டவணையின் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" வரி இவற்றின் மொத்தத்தைக் காட்டும்.

"கொலசுட்டிரால் அற்றது" என்னும் வாசகம் பொய்யன்று. ஆனால் பயன் குறைவு. தாவர எண்ணெயில் இயல்பாகவே கொலசுட்டிரால் மிகமிகக் குறைவு. வறுவல்களில் பரவலாகப் பயன்படும் பாமோலின் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு உள்ளது. எனவே இவ்வாசகத்தைக் காண்பவர் பார்க்கவேண்டியது நிறைவுற்ற கொழுப்பு வரியை. அதன் நாளளவு 22 கிராம்.