அம்மாவின் அழைப்பு மட்டும் ஏன் ஒலிப்பதில்லை?

டல்லாஸில் இருக்கும் மகளுக்குக் கோவையிலிருந்து அம்மா போன் செய்கிறார். ஒரு ரிங்கூடப் போகாமல் நேரே வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடுகிறது. அதே வீட்டிலிருந்து அண்ணன் கூப்பிட்டால் மகளின் ஐபோன் ஒலிக்கிறது. அப்படியானால் சிக்னலும் போனும் நன்றாகவே இருக்கின்றன. தடை அந்த ஓர் எண்ணுக்குத்தான்.

"வாட்ஸ்அப்பில் அம்மாவோடு தினமும் பேசுகிறேனே, பிளாக் ஆகியிருக்க முடியாது" என்று மகள் நினைப்பாள். பலரும் ஏமாறும் இடம் இது. ஐபோனில் ஓர் எண்ணை பிளாக் செய்தால் சாதாரண அழைப்பும் மெசேஜும் ஃபேஸ்டைமும் நிற்கும். வாட்ஸ்அப்புக்குத் தனி பிளாக் பட்டியல் உண்டு. அதை இது தொடாது.

முதலில் செய்ய வேண்டியது, அம்மா கூப்பிட்ட கையோடு மகள் தன் போனில் Recents பட்டியலைத் திறந்து பார்ப்பது. அங்கே தவறிய அழைப்பாக அம்மாவின் பெயர் இருந்தால் அழைப்பு போன்வரை வந்திருக்கிறது. போன்தான் அதை ஒலிக்கவிடவில்லை. பெரும்பாலும் Focus காரணமாக இருக்கும். தூங்கும் நேரத்துக்கு வைத்த Focus, கோவையின் காலை வேளையில் டல்லாஸில் ஓடிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட சிலரை மட்டும் மௌனமாக்கும் வசதியும் அதில் உண்டு; அம்மாவின் பெயர் அங்கே சேர்ந்திருக்கலாம். Allow Repeated Calls இயங்கினால், மூன்று நிமிடத்துக்குள் அம்மா மறுபடி கூப்பிடும்போது போன் ஒலிக்கும். அப்படி ஒலித்தால் Focus மீதான சந்தேகம் உறுதியாகிவிடும்.

பட்டியலில் பெயருக்குப் பதிலாக வெறும் எண்ணோ, அறிமுகமற்ற வேறொரு எண்ணோ இருந்தால் கதை வேறு. வெளிநாட்டு அழைப்புகள் வழியில் எண் மாறி வந்து சேர்வதுண்டு. அப்போது Silence Unknown Callers அம்மாவை அந்நியராகவே நினைத்து வாய்ஸ்மெயிலுக்கு அனுப்பிவிடும். அம்மாவின் எண்ணை +91 சேர்த்துச் சேமித்துவிட்டு, அந்த அமைப்பைக் கொஞ்ச நேரம் அணைத்துச் சோதிக்க வேண்டும்.

பட்டியலில் தடமே இல்லையென்றால் பிளாக்கைச் சந்தேகிக்கலாம். அம்மாவின் தொடர்புப் பக்கத்தை அடிவரை தள்ளிப் பாருங்கள். Unblock Contact என்று இருந்தால் எண் பிளாக் ஆகியிருக்கிறது. அதைத் தொட்டால் போதும். Voicemail பக்கத்தின் அடியில் Blocked Messages என்ற பகுதி தெரிந்தால் திறந்து கேளுங்கள். இத்தனை நாளாக அம்மா விட்டுவைத்த செய்திகள் அங்கே கிடக்கலாம்.

அங்கேயும் பிளாக் இல்லை, பட்டியலிலும் தடமில்லை என்றால் அழைப்பு போனுக்கே வரவில்லை. அமெரிக்க நிறுவனங்கள் தரும் ஸ்பேம் தடுப்புச் சேவை அதை வழியிலேயே திருப்பியிருக்கலாம். சிம்மை வேறொரு போனுக்கு மாற்றி, அம்மாவை மறுபடி கூப்பிடச் சொல்லுங்கள். அப்போதும் வாய்ஸ்மெயில்தான் என்றால், அம்மாவின் எண்ணையும் அழைத்த நேரத்தையும் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு, ஸ்பேம் தடுப்பில் அந்த எண் சிக்கியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.