ஒரே கேள்விக்கு இரண்டு விடை

சிறிய சேவை அமைப்பு ஒன்றின் அலுவலகம். வெள்ளிக்கிழமை மாலை செயலாளரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது: “தமிழ்நாட்டில் குழந்தை இறப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பு வேண்டும். திங்கள்கிழமை நிர்வாகக் குழுவில் வைக்கிறேன். தேவையான இரண்டு அறிக்கைகளை இணைத்திருக்கிறேன்.” அவ்வளவுதான்.

இணைப்பில் இருப்பவை இரண்டும் அரசு அறிக்கைகள். ஒன்று, தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21). தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 18.6 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறக்கிறார்கள் என்கிறது அது. மற்றொன்று, இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் வெளியிடும் மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டு அறிக்கை. அது 13 என்கிறது. செயலாளர் இந்த வித்தியாசத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவர் கவனிக்காமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் சொல்லாமல் விட்டிருக்கலாம். குறிப்பு எழுத வேண்டியவர் என்ன செய்வது?

கை முதலில் போவது மூன்று குறுக்குவழிகளுக்கு. ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு மற்றதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது ஒன்று. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 15.8 என்று எழுதுவது இன்னொன்று. அந்த எண்ணை யாரும் எங்கும் அளக்கவில்லை. மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. ஒரு அறிக்கையின் எண்ணைப் பழையதாகவும் மற்றதைப் புதியதாகவும் வைத்து, “18.6 ஆக இருந்த இறப்பு 13 ஆகக் குறைந்தது” என்று எழுதிவிடுவது. முப்பது சதவீத வீழ்ச்சி! அப்படி ஒன்று நடக்கவே இல்லை. இரண்டும் வெவ்வேறு தராசுகள்.

எழுதத் தொடங்கும் முன் அந்தத் தராசுகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு முழு அறிக்கையையும் படிக்க வேண்டியதில்லை. யாரை, எப்போது, எப்படிக் கணக்கெடுத்தார்கள் என்ற பகுதியும், அட்டவணைக்கு அடியில் உள்ள குறிப்பும் போதும்.

குடும்ப நல ஆய்வில் கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் அவர்களின் பிரசவங்களை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். குழந்தை எப்போது பிறந்தது, உயிரோடு இருக்கிறதா, இல்லையென்றால் எந்த வயதில் இறந்தது என்று குறித்துக்கொள்கிறார். ஆய்வுக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் நிகழ்ந்தவற்றைத் திரட்டித்தான் விகிதம் போடுகிறார்கள். ஆகவே 18.6 என்பது ஒரு வருடத்தின் எண் அல்ல, ஐந்து வருடங்களின் எண்.

மாதிரிப் பதிவு முறையில் தேர்ந்தெடுத்த கிராமங்களிலும் நகரப் பகுதிகளிலும் உள்ளூர் ஆள் ஒருவர் ஆண்டு முழுக்கப் பிறப்பையும் இறப்பையும் எழுதிக்கொண்டே வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மேற்பார்வையாளர் வந்து, அந்தப் பதிவைப் பார்க்காமல், தனியாக வீடு வீடாக விசாரிக்கிறார். பிறகு இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதவற்றை நேரில் போய்ச் சரிபார்க்கிறார்கள். இங்கே 13 என்பது 2020 என்ற ஒரே ஆண்டின் எண்.

இப்போது கணக்கைக் கொஞ்சம் நெருக்கிப் பார்க்கலாம். மாதிரிப் பதிவு முறையில் தமிழ்நாட்டின் விகிதம் 2016 முதல் 2020 வரை முறையே 17, 16, 15, 15, 13. சராசரி சுமார் 15. காலத்தை ஒத்துப் பார்த்ததுமே 13க்கும் 18.6க்கும் இருந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

மிச்சம் ஏன்? ஒரு மாநிலத்துக்குள் குடும்ப நல ஆய்வில் சிக்கும் இறப்புகள் மிகக் குறைவு. ஐந்தாண்டுகளில் ஏழாயிரம் பிறப்புகள் மாதிரியில் வந்தன என்று வைத்துக்கொண்டால், 18.6 என்ற விகிதத்துக்குப் பின்னால் இருப்பவை 130 இறப்புகள்தான். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலாகவே ஆயிரத்துக்கு மூன்று கூடவோ குறையவோ செய்யும். அதாவது உண்மை ஏறத்தாழ 15½க்கும் 22க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். அந்த வரம்பின் கீழ்முனை பதிவு முறையின் 15ஐக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது. பதிவு முறையும் மாதிரிதான். அதற்கும் தன் பங்குக்கு ஏற்ற இறக்கம் உண்டு. ஆக, இரண்டில் ஒன்று பொய் என்று சொல்ல இடமில்லை.

அப்படியானால் வித்தியாசத்தைச் சொல்லாமலே விட்டுவிடலாமா? இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. எண்ணை மாற்றிப் போட்டால் குறிப்பில் உள்ள ஏதாவது வாக்கியம் புரண்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு அறிக்கை 18.6 என்றும் மற்றது 19 என்றும் சொல்லியிருந்தால் அது முழு எண்ணாக்கிய வித்தியாசம். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். இங்கே நிலைமை வேறு. பிறந்த 28 நாட்களுக்குள் இறக்கும் பச்சிளங்குழந்தைகளின் விகிதத்தை ஆயிரத்துக்கு 12 அல்லது அதற்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது 2030க்கான ஐ.நா. இலக்கு. பதிவு முறையின்படி தமிழ்நாட்டில் அது 9, இலக்கை எட்டியாயிற்று. குடும்ப நல ஆய்வின்படி 12.7, இன்னும் எட்டவில்லை. “இலக்கை அடைந்துவிட்டோம்” என்ற வாக்கியத்தை வைத்து நிர்வாகக் குழு பச்சிளங்குழந்தைத் திட்டத்தின் பணத்தை வேறு வேலைக்குத் திருப்பக்கூடும். ஆகவே சொல்லியே தீர வேண்டும்.

சொல்ல வேண்டும் என்பதற்காக வேலையை நிறுத்தி, “எந்த எண்ணைப் போடட்டும்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் சரியல்ல. செயலாளர் கேட்டது குறிப்பு; திங்களன்று அது கையில் இருக்க வேண்டும். அவர் கேட்டது இன்றைய நிலை என்பதால் ஆண்டுதோறும் அளக்கும் பதிவு முறையை அடிப்படையாக வைப்பது பொருத்தம். தாயின் படிப்பு, பிரசவங்களுக்கு இடையிலான இடைவெளி போன்றவற்றோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் குடும்ப நல ஆய்வுதான் கைகொடுக்கும். எதை எடுத்தாலும் குறிப்பு முழுக்க அதே தராசு. போக்கைச் சொல்லும்போது ஒருபோதும் கலக்கக் கூடாது.

வித்தியாசத்தைச் சொல்ல வேண்டிய இடம் பதில் மின்னஞ்சலின் முதல் வரிகள். இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சார். குறிப்பை இணைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய இரண்டு அறிக்கைகளிலும் எண்கள் வேறாக இருக்கின்றன: சிசு இறப்பு ஒன்றில் 13, மற்றதில் 18.6. முதலாவது 2020ஆம் ஆண்டுக்கு மட்டும்; இரண்டாவது ஐந்தாண்டுகளுக்கு. இன்றைய நிலையைக் கேட்டிருப்பதால் முதலாவதை வைத்து எழுதியிருக்கிறேன். பச்சிளங்குழந்தை இறப்பில் மட்டும் முடிவே மாறுகிறது: ஒன்றின்படி இலக்கை எட்டிவிட்டோம், மற்றதன்படி இல்லை. அதனால் அங்கே இரண்டையும் கொடுத்திருக்கிறேன். மற்ற அறிக்கையை வைத்து எழுத வேண்டுமென்றால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.”

மின்னஞ்சல் செயலாளரோடு நின்றுவிடும். குழுவின் கைக்குப் போவது குறிப்பு மட்டுமே. அதனால் குறிப்பிலும் அந்த இடத்தில் இரண்டு வரி இருக்க வேண்டும்: “பதிவு முறையின்படி 9, குடும்ப நல ஆய்வின்படி 12.7. பின்னது ஐந்தாண்டுகளின் கணக்கு. மாதிரி சிறியது என்பதால் 12க்குக் கீழேயும் இருக்கலாம்.” குழுவில் யாராவது மற்ற அறிக்கையைப் படித்துவிட்டு வந்து, “நான் பார்த்த எண் வேறாக இருக்கிறதே” என்று கேட்டால், செயலாளர் அந்த வரியைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம்.